யன்னலுக்கும் மஞ்சள் லொறிக்கும் ஒரே குச்சி: ஈயச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

பக்கத்து வீட்டு அக்கா போன மாதம் இரண்டு சாமான்களோடு வந்தார். ஒன்று முதிரை மரத்தில் செய்த பழைய யன்னல். 2010க்குப் பிறகு வன்னிக்குத் திரும்பி வந்த காலத்தில், கூரை போன ஒரு வீட்டிலிருந்து கழற்றி எடுத்தது. மற்றது வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனபோது கோயில் வாசல் கடையில் பேரனுக்கு வாங்கிய மஞ்சள் லொறி.

"தம்பி, உன்னட்ட ஈயம் பாக்கிற குச்சி இருக்காமே? இரண்டையும் ஒருக்கா பாத்துச் சொல்லு. இவன் எல்லாத்தையும் வாயில வைக்கிறான்."

குச்சி இருந்தது உண்மை. கனடாவிலிருக்கும் மச்சான் ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்பதால், இந்தக் குச்சி இரத்தப் பரிசோதனை மாதிரி "இருக்கு", "இல்லை" என்று முடிவாகச் சொல்லிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு. அது அப்படிச் சொல்லாது. எதைச் சொல்லும், எங்கே வாய் மூடிக்கொள்ளும் என்பதை அந்த யன்னலையும் லொறியையும் வைத்தே விளக்கப் பார்க்கிறேன்.

## முதலில், எந்த ஈயம்?

நம் பேச்சில் "ஈயம்" என்ற சொல் இரண்டு உலோகங்களுக்கு வருகிறது. பித்தளைப் பாத்திரத்தின் உள்ளே பூசுவது வெள்ளீயம். அதனால் பிரச்சினை இல்லை. முல்லைத்தீவுக் கடற்கரையில் வலையின் அடிக்கயிற்றில் கோர்க்கிற பாரமான குண்டு காரீயம். நஞ்சு இந்த இரண்டாவதுதான். இனி ஈயம் என்று எழுதும் இடமெல்லாம் காரீயத்தையே சொல்கிறேன்.

பெயின்றில் இந்த உலோகம் குண்டு மாதிரி கிடப்பதில்லை. வேறு பொருள்களோடு சேர்ந்து தூளாக இருக்கும். பழைய மர வேலைகளில் அடிப்பூச்சாகப் போட்ட வெள்ளைத் தூள் ஒரு வகை. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க முன்பு பூசிய சிந்தூர நிறத் தூள் இன்னொரு வகை. பளிச்சென்ற மஞ்சளும் செம்மஞ்சளும் தருகிற ஈயக் குரோமேற் மூன்றாவது. பச்சை பெயின்றிலும் இந்த மஞ்சள் கலந்திருக்கலாம், ஏனென்றால் மஞ்சளோடு நீலம் சேர்த்தால் பச்சை. இந்தத் தூள்களைச் சேர்த்தது ஏமாற்றுவதற்கில்லை. நிறம் மங்காது, பூச்சு சீக்கிரம் காயும், மழை வெயிலுக்கு நிற்கும் என்பதற்காகத்தான்.

பூச்சு சுவரிலோ மரத்திலோ உறுதியாக ஒட்டியிருக்கும்வரை பெரிதாக ஒன்றும் நடக்காது. அது உரிந்து, உரசித் தூளாகி, தவழ்கிற பிள்ளையின் கையிலும் பிறகு வாயிலும் போகும்போதுதான் ஆபத்து. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. இவ்வளவுக்குக் கீழே என்றால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் தெரியவரவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

## ஆலாத்தித் தட்டில் நடப்பது

குச்சியின் வேலையைப் புரிந்துகொள்ள ஆலாத்தித் தட்டைப் பாருங்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டதும் சிவக்கிறது. மஞ்சளில் இருக்கும் ஒரு பொருள் சுண்ணாம்பைச் சந்தித்ததும் நிறம் மாறுகிறது. சுண்ணாம்பு போட்டதை நாம் பார்க்காவிட்டாலும் சிவப்பைப் பார்த்து ஊகித்துவிடலாம்.

ஆனால் மஞ்சள் கறை பட்ட சட்டையைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தாலும் கறை சிவக்கும். அங்கே சுண்ணாம்பு ஏது? மஞ்சள் உண்மையில் கண்டுபிடிப்பது காரத்தன்மையை. சுண்ணாம்பிலும் சவர்க்காரத்திலும் அது இருக்கிறது. நிறம் மாறுகிற எந்தச் சோதனையிலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: இது உண்மையில் எதைப் பார்த்து நிறம் மாறுகிறது?

ஈயக் குச்சியில் மஞ்சளின் இடத்தில் இருப்பது ரோடிசோனேற் என்ற சாயம். தண்ணீரில் கரைத்தால் மஞ்சளாக இருக்கும். புளிப்பான கரைசலில் ஈயத்தைச் சந்தித்தால் இளஞ்சிவப்பாகவோ கடுஞ்சிவப்பாகவோ மாறும். குச்சிக்குள் இரண்டு சிறு கண்ணாடிக் குமிழ்கள் இருக்கும். ஒன்றில் சாயம், மற்றதில் புளிப்புக் கரைசல். இரண்டையும் நசுக்கிக் குலுக்கினால் கலந்து, நுனிப் பஞ்சு மஞ்சளாக ஈரமாகும். அதைப் பூச்சின் மேல் ஏறத்தாழ அரை நிமிடம் தேய்க்க வேண்டும். சாயம் கலந்த பிறகு நெடுநேரம் உயிரோடு இருக்காது. நசுக்கிவிட்டு ரீ குடித்துவிட்டு வந்தால் குச்சி செத்திருக்கும்.

இன்னொரு வகைச் சோதனையில் சோடியம் சல்பைட்டு என்ற திரவம் வரும். ஈயம் பட்டால் கறுக்கும். ஆனால் வேறு சில உலோகங்கள் பட்டாலும் கறுக்கும், கடும் நிறப் பெயின்றில் கறுப்பைக் காண முடியாது, அழுகிய முட்டை நாற்றம் வேறு. வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

## நாக்குக்குத் தெரிவது கரைந்த உப்பு மட்டும்

கறியில் கல்லுப்பைப் போட்ட கையோடு ருசி பார்த்தால் உப்பே இல்லை என்று தோன்றும். உப்புச் சட்டிக்குள்தான் கிடக்கிறது, கரையவில்லை. நாக்குக்குக் கரைந்த உப்புத்தான் தெரியும்.

ரோடிசோனேற் சாயமும் அந்த நாக்கு மாதிரித்தான். பூச்சுக்குள் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. அந்த அரை நிமிடத்தில் புளிப்புக் கரைசல் கரைத்து எடுத்த ஈயத்தை மட்டுமே பார்க்கிறது. குச்சியின் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

வெள்ளை ஈயத் தூள் சுலபமாகக் கரையும், நிறம் சில விநாடிகளில் வந்துவிடும். மஞ்சள் தருகிற ஈயக் குரோமேற் இலேசில் கரையாது. அதனால் மஞ்சள், செம்மஞ்சள், பச்சைப் பூச்சுகளில் தேய்த்த குச்சியை எறியாமல் ஓர் இரவு வைத்துப் பார்ப்பது நல்லது, சிவப்பு மெல்ல வரலாம். ஈயம் உள்ள பூச்சுக்கு மேல் ஈயம் இல்லாத பூச்சோ வார்னிஷோ இருந்தால் கரைசல் உள்ளே போகவே போகாது. சீமெந்துச் சுவரிலும் சாந்திலும் வேறொரு சிக்கல். சீமெந்தின் காரம் புளிப்பைக் கொன்றுவிடும், அதிலுள்ள சல்பேற் கரைந்த ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே இந்தக் குச்சியை மரத்துக்கும் இரும்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் தேய்த்து "இல்லை" என்று வந்தால் நான் கணக்கில் எடுப்பதில்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: குச்சி ஒரு சாயம். புளிப்பில் கரைந்து வந்த ஈயத்தைக் கண்டால் சிவக்கும். கரையாதது, மூடிக் கிடப்பது, வேறெதுவும் பிடித்து வைத்திருப்பது அதன் கண்ணில் படாது.

## அக்காவின் யன்னல்

யன்னலின் வெளிப்பூச்சு மண்ணிற எனாமல். ஐந்தாறு வருடத்துக்கு முன் பூசியிருக்கலாம். முதலில் ஈரத்துணியால் துடைத்தோம். இது முக்கியம், ஏனென்றால் நம் செம்மண் தூள் பஞ்சில் ஒட்டினால் அதுவே ஒரு சிவப்பு. பிறகு குச்சியை நசுக்கி, மேற்பூச்சில் தேய்த்தேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"அப்ப ஒண்டுமில்லையே?" என்றார் அக்கா. பலர் இந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள்.

நிறம் மாறாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். அந்த இடத்தில் ஈயம் இல்லாமல் இருக்கலாம், அல்லது குச்சி செத்திருக்கலாம். நல்ல பெட்டிகளில் இதைப் பார்ப்பதற்கென்றே ஈயம் தடவிய சிறு அட்டை ஒன்று வரும். நிறம் மாறாத குச்சியை அந்த அட்டையில் தொட்டால் சிவக்க வேண்டும். மச்சான் அனுப்பிய பெட்டியில் அட்டையைக் காணவில்லை. நான் மீன்பிடிக்கிற நண்பர் ஒருவரிடம் வாங்கி வைத்திருந்த வலைக்குண்டை எடுத்தேன். அது அசல் ஈயம். குச்சியை அதில் தேய்த்ததும் இளஞ்சிவப்பு பூத்தது. ஆக, குச்சி உயிரோடு இருந்திருக்கிறது. மேற்பூச்சில் அதற்கு எட்டும் அளவு ஈயம் இல்லை, அவ்வளவுதான் இதற்கு அர்த்தம்.

அடுத்தது வெட்டு. பிளேற்றைச் சாய்த்துப் பிடித்து, பிணைச்சலுக்குப் பக்கத்தில் கண்ணில் படாத இடத்தில், அரை அங்குலத்துக்கும் குறைவான ஒரு சரிவு வெட்டு வெட்டினேன். மரம் தெரியும்வரை போக வேண்டும். சரிவாக வெட்டினால் பூச்சுகள் அடுக்கு அடுக்காகக் கோடு போட்டது போலத் தெரியும். மேலே மண்ணிறம், அதன் கீழே பச்சை, மரத்தை ஒட்டி மங்கிய வெள்ளை. மூன்று காலத்துப் பூச்சு. புதுக் குச்சி ஒன்றை நசுக்கி, வெட்டின் எல்லாக் கோடுகளிலும் படும்படி தேய்த்தேன். பாதி நேரம்கூடப் போகவில்லை, அடி வெள்ளைக் கோட்டில் சிவப்பு ஓடியது, பஞ்சும் இளஞ்சிவப்பானது.

மேலே "இல்லை" சொன்ன அதே யன்னல், வெட்டின பிறகு "இருக்கு" என்றது. இரண்டு தடவையும் குச்சி பொய் சொல்லவில்லை. முதல் தடவை நான் தவறான அடுக்கைத்தான் கேட்டிருந்தேன்.

அக்கா உடனே கேட்டார், "கன சிவப்பா வந்திருக்கு, கன ஈயமோ?" தெரியாது. சிவப்பின் கடுமை எவ்வளவு கரைந்தது, எவ்வளவு அழுத்தித் தேய்த்தேன் என்பதைப் பொறுத்தது. குச்சி எடை போடுகிற தராசு அல்ல.

## சிவப்புக் கேற் செய்த குழப்பம்

உற்சாகத்தில் அக்கா தன் வீட்டு இரும்புக் கேற்றையும் பார்க்கச் சொன்னார். தேய்த்த மறுநிமிடம் பஞ்சு சிவந்தது. அக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது.

ஆனால் அந்தக் கேற்றில் பூசியிருப்பது செங்கல் நிற ரெட் ஒக்சைட். அது இரும்புத் துரு வகைத் தூள், ஈயம் அல்ல. வெயிலில் பூச்சு பொரிந்து தூளாகிக் கிடந்தது. காதுக்குப் பஞ்சு வைக்கிற குச்சி ஒன்றை வினாகிரியில் நனைத்து, கேற்றின் இன்னொரு பக்கத்தில் அதே மாதிரித் தேய்த்தேன். அதிலே சாயம் எதுவும் இல்லை, ஆனாலும் பஞ்சு அதே செங்கல் நிறமானது. ஆக முதலில் பார்த்தது பூச்சின் சொந்த நிறம். இதைத்தான் தவறான "ஆம்" என்கிறோம், ஈயம் இல்லாமலே இருப்பதாகக் காட்டுவது. அதன் எதிர்ப்பக்கம் தவறான "இல்லை", ஈயம் இருந்தும் இல்லாததாகக் காட்டுவது.

சிவப்பு, செம்மஞ்சள், மண்ணிறப் பூச்சுகளில் வினாகிரிப் பஞ்சைத்தான் முதலில் தேய்க்க வேண்டும். அது வெள்ளையாகவே இருந்தால் மட்டும் ஈயக் குச்சியை எடுக்கலாம். அக்காவின் கேற்றில் ஈயம் இல்லை என்று இதை வைத்து நான் சொல்லவில்லை. அந்தப் பூச்சில் குச்சியின் நிறத்தை நம்ப முடியாது என்பதுதான் தெரிந்தது.

## மஞ்சள் லொறியும் 50 கிலோ அரிசி மூட்டையும்

லொறியின் அடியில், சில்லுக்குப் பின்னால் கொஞ்சம் சுரண்டி, தேய்த்தேன். மாறவில்லை. குச்சி வலைக்குண்டில் சிவந்தது. மஞ்சள் பூச்சு என்பதால், குண்டில் தொடாத இன்னொரு குச்சியைத் தேய்த்து இரவு முழுக்க வைத்தும் பார்த்தேன். காலையிலும் மாற்றமில்லை.

அக்காவுக்குச் சொல்ல இருந்தது ஒரே ஒரு வசனம்: லொறியைப் பற்றி எனக்கு ஏறத்தாழ ஒன்றும் தெரியவரவில்லை. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். காரணம் கணக்கில் இருக்கிறது.

பூச்சில் ஈயத்தை அளக்க பிபிஎம் என்ற அளவைச் சொல்வார்கள். பத்து இலட்சம் பங்கில் எத்தனை பங்கு என்று அர்த்தம். 50 கிலோ அரிசி மூட்டையில் கல் கலந்திருப்பதாக நினையுங்கள். மூட்டையில் 250 கிராம் கல் இருந்தால் அது 5000 பிபிஎம். இந்த அளவில் குச்சிகள் நம்பகமாகச் சிவக்க வேண்டும் என்றுதான் அமெரிக்காவில் அவற்றைச் சோதித்து ஏற்றார்கள். பழைய வீட்டு மரத்தையும் இரும்பையும் பார்க்கவே இவை வந்தன, அங்கே பூச்சுகளில் ஈயம் சதவீதக் கணக்கில் இருந்தது. இதற்குக் கீழேயும் சில வேளை சிவக்கும், சில வேளை சிவக்காது.

விளையாட்டுச் சாமான் பூச்சுக்கு அமெரிக்கா 2009இலிருந்து வைத்திருக்கும் வரம்பு 90 பிபிஎம். அதே மூட்டையில் அது நாலரைக் கிராம் கல், ஒரு தேக்கரண்டிகூட வராது. இலங்கையில் 2013 தொடக்கத்திலிருந்து எனாமல் பெயின்றுக்கு 600 பிபிஎம் என்று வரம்பு நடைமுறைக்கு வந்தது, அது 30 கிராம் கல். 250 கிராமைத்தான் உறுதியாகக் காணும் கண்ணை வைத்துக்கொண்டு நாலரைக் கிராமைத் தேடினால் என்ன கிடைக்கும்? விளையாட்டுச் சாமானின் பூச்சில் வரம்பைவிட 50 மடங்கு ஈயம் இருந்தாலும் குச்சி மஞ்சளாகவே நிற்கலாம்.

இது வெறும் கணக்கு அல்ல. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு 2007இல் கடைகளில் விற்ற வீட்டுச் சோதனைப் பெட்டிகளைப் பரிசோதித்தது. வந்த 104 முடிவுகளில் 56 தவறான "இல்லை". தவறான "ஆம்" இரண்டே இரண்டு. அதனால்தான் நான் இரண்டு பதில்களையும் ஒரே மதிப்பில் வைப்பதில்லை. வினாகிரிப் பஞ்சில் நிறம் வராத பூச்சில் குச்சி சிவந்தால், அதை ஈயம் என்றே எடுத்துக்கொள்வேன். சிவக்காவிட்டால், பழைய மரத்தில் வெட்டிப் பார்த்த பிறகு ஓரளவு நம்புவேன். விளையாட்டுச் சாமானில் நம்பவே மாட்டேன்.

லொறியின் உடம்பு பிளாஸ்டிக்காக இருந்தால் இன்னொன்றும் உண்டு. சில மெதுப் பிளாஸ்டிக் வகைகளில் ஈயத்தைப் பூச்சில் சேர்ப்பதில்லை, பிளாஸ்டிக்குக்குள்ளேயே கலப்பார்கள். அது குச்சிக்குக் கரைந்து வராது.

ஆகவே சுருக்கம்: யன்னல் போன்ற பழைய மரத்திலும் இரும்பிலும், வெட்டி, வலைக்குண்டில் சரிபார்த்து, வினாகிரிப் பஞ்சோடு ஒப்பிட்டால் குச்சி உதவும். விளையாட்டுச் சாமானின் சிறிய அளவுகளுக்கு அது செய்த கருவியே அல்ல.

## அப்ப லொறியை என்ன செய்வது?

சரியான பதில் வேண்டுமென்றால் எண் தருகிற கருவி வேண்டும். கையில் பிடிக்கிற எக்ஸ்-கதிர் கருவி பூச்சைக் கரைக்காமலே உள்ளிருக்கும் ஈயத்தைக் காட்டும். ஆய்வுகூடத்தில் பூச்சைச் சுரண்டிக் கடும் அமிலத்தில் முழுவதும் கரைத்து அளப்பார்கள். கல்லுப்பு முழுவதும் கரைந்த பிறகு ருசி பார்ப்பது போல. கொழும்பில் உள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற இடங்களில் இப்படிப்பட்ட சோதனைகள் நடக்கின்றன. ஒரு லொறிக்காகக் கிளிநொச்சியிலிருந்து யாரும் அவ்வளவு தூரம் போகப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஒரு முன்பள்ளி மொத்தமாக வாங்குகிற சாமான் என்றால் ஒரு மாதிரியை அனுப்புவது நியாயம். ஒரு பிள்ளையின் ஒரு லொறிக்கு, பூச்சு உரிய ஆரம்பித்திருந்தால், அதைப் பேரன் கையிலிருந்து எடுத்துவிடுவதே மலிவான வழி. அக்கா அதைத்தான் செய்தார், பேரனின் அழுகையை ஒரு மண்வெட்டி வாங்கிக் கொடுத்து அடக்கினார். பூச்சு இல்லாத மரப்பிடி.

யன்னல் விஷயத்தில்தான் நாங்கள் கொஞ்சம் வாதாடினோம். பெயின்ற்காரர் வந்தால் முதலில் சான்ட் பேப்பரைத்தான் எடுப்பார். காய்ந்த பூச்சைத் தேய்த்தால், மரத்தில் பேசாமல் ஒட்டிக் கிடந்த ஈயம் முழுவதும் வீட்டுத் தரையில் தூளாக இறங்கும். தீ காட்டி உரித்தாலும் புகையாக வரும். உரியாத இடங்களை அப்படியே விட்டு மேலே பூசலாம். உரிகிற இடத்தைத் தண்ணீர் தெளித்து, ஈரமாக வைத்தே சுரண்ட வேண்டும், கீழே விரித்த பொலித்தீனோடு சேர்த்துச் சுருட்டி எறிய வேண்டும், பிள்ளை அந்தப் பக்கம் வரக் கூடாது. ஆனால் யன்னல் திறந்து மூடும்போது பலகை பலகையோடு உரசுகிற ஓரங்களில் புதுப் பூச்சும் நிற்காது. அது நாளுக்கு நாள் தூள் கொட்டிக்கொண்டே இருக்கும். பேரன் படுக்கிற அறைக்கு இது வேண்டாம் என்றேன்.

"சரி, அப்ப கோழிக்கூட்டுக்குக் கதவாப் போடுவம்" என்றார் அக்கா.

அதுவும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. கோழி உரிந்த பூச்சைக் கொத்தும், நிலத்தில் விழுந்த தூளையும் மண்ணோடு சேர்த்துக் கொத்தும். அந்த ஈயம் முட்டைக்குள் வரும், முட்டை திரும்பவும் பேரனின் தட்டுக்கு வரும். யன்னல் இப்போது அக்காவின் கொட்டிலில், பொலித்தீன் சுற்றி, சுவரோடு சாய்த்து நிற்கிறது. முதிரைப் பலகை, எறிய மனம் வரவில்லை அவருக்கு.